தை மாசத்துக்கு எத்தனை மூட்டை

"ஏனுங்கம்மிணி, உங்கூருல தைப்பொங்கலுக்குத் தறி ஓடுமா?"

நூல் மில் முதலாளி ஜெகதீஸ்வரன் போனில் கேட்ட முதல் கேள்வியே இதுதான். சௌக்கியமா, மழை உண்டா என்று வழக்கமாக வருகிற பேச்சு ஒன்றும் இல்லை. ஜெயப்பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கீங்கண்ணா ஓடும்? பொங்கலுக்குப் பூட்டினா ஆளுக திரும்பி வர்றதுக்குப் பத்து நாளாகுமே. குமாரபாளையத்துல எந்தப் பட்டறையில ஓடுது?"

"அதத்தானுங்க நானும் கேக்கறேன். உங்க லெட்டர்ல ஓடுதே!"

அவளுடைய லெட்டரில் ஓடாது. அதை எழுதியவளே அவள்தான். ஒரு வாரம் உட்கார்ந்து, தங்கள் பட்டறையின் இருபது தறி உற்பத்தியையும் தனித்தனியாக எடுத்து, அக்டோபரிலிருந்து மார்ச் வரை மாதத்துக்கு எத்தனை மூட்டை நூல் எடுப்போம் என்று கணக்குப் போட்டாள். நல்ல மாதத்துக்கு நூற்றிருபது மூட்டை. தீபாவளி வருகிற மாதம் தொண்ணூறு. ஜனவரிக்கு அறுபத்தைந்து, பக்கத்திலேயே 'பொங்கல் விடுமுறை' என்று காரணமும் போட்டிருந்தாள். நூலுக்குப் பணம் கட்ட இப்போது பதினைந்து நாளாக இருக்கிற தவணையை நாற்பத்தைந்து நாளாக நீட்டித் தர வேண்டும் என்பதுதான் வேண்டுகோள். இந்தக் கணக்கு அதற்குச் சாட்சி.

"அண்ணா, அந்த லெட்டரை ஒரு போட்டோ புடிச்சு வாட்ஸப்புல போடுங்களே."

போட்டோ வந்தது. அதே லெட்டர்ஹெட், அதே தொடக்கம், அவள் தேடித் தேடிப் போட்ட அதே பணிவான வாக்கியங்கள். ஆனால் நாற்பத்தைந்து இருந்த இடத்தில் தொண்ணூறு. அக்டோபர் இருநூற்று நாற்பது மூட்டை. நவம்பர் இருநூற்று நாற்பது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், எல்லாவற்றுக்கும் அதே இருநூற்று நாற்பது. கீழே ரப்பர் ஸ்டாம்பு, அதன் மேல் மாமனார் செங்கோடனின் கையெழுத்து, வால் சுழித்து, ரொம்பத் திருப்தியாக.

அட கடவுளே! முந்தாநாள் அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். லெட்டரைக் கையெழுத்துக்கு வைத்துவிட்டு, தம்பி குழந்தையின் காதுகுத்துக்கு எடப்பாடி போய்விட்டாள். ஒரு நாள். ஒரே ஒரு நாள் அந்த ஆபீசை இந்த மனிதர்கள் கையில் விட்டதற்கு இது கூலி.

நேரே தறிப்பட்டறைக்குள் போனாள். புருஷன் சரவணக்குமார் ஓடாத தறி ஒன்றின் அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தான். இவள் வருகிற நடையைப் பார்த்ததுமே தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டான்.

"ஏனுங்க, லெட்டரை மாத்துனது ஆரு?"

"என்ன? கேக்கலை!" என்று தறிச் சத்தத்தைக் காட்டினான்.

"கேக்குதுங்க, நல்லாவே கேக்குது! கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு தெரிஞ்சது இந்த வீட்டுல ரெண்டே பேரு. அதுல ஒருத்தி எடப்பாடியில இருந்தா."

அவன் வெளியே வந்து கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்தான். துடைக்க வேண்டியதற்கு மேலேயே துடைத்தான். "அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டுச் சொல்றாரு. நான் என்ன பண்றது ப்ரியா? நீ வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்பச் சொல்லலாம்னு இருந்தீங்க? பொங்கல் கழிச்சா?"

அவன் நல்ல மனுஷன்தான், தறியில் எந்தக் கோளாறையும் காதால் கேட்டே சொல்லிவிடுவான். அப்பாவுக்கு முன்னால் மட்டும் அவனுக்கு வாய் இல்லை, கை மட்டும்தான் இருக்கிறது, அது சொன்னதை டைப் அடிக்கும்.

ஜெயப்பிரியாவுக்கு வந்த ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. கோயமுத்தூரில் ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துண்டு சப்ளை செய்கிற ஒரு டீலரை எட்டு மாதமாக விடாமல் துரத்தி, மாதிரி அனுப்பி, அவன் சொன்ன குறையெல்லாம் சரிசெய்து, ஆறு மாத ஆர்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். அவளாகவே கொண்டுவந்த முதல் ஆர்டர். நூல் வந்து இறங்கி, துண்டாகி லாரி ஏற இருபது நாள். சரக்குப் போய்ச் சேர்ந்து முப்பது நாள் கழித்து டீலர் பணம் போடுவான். ஆக ஐம்பது நாள். மில்லுக்கோ பதினைந்தாம் நாளே கட்ட வேண்டும். நடுவில் இருக்கிற ஓட்டையை அடைக்க பேங்கில் வழியில்லை, ஓவர்டிராப்டு ஏற்கனவே கழுத்து வரைக்கும் நிற்கிறது. மில் நாற்பத்தைந்து நாள் கொடுத்தால் மீதி ஐந்து நாளை எப்படியாவது இழுத்துப் பிடிக்கலாம். கொடுக்காவிட்டால் ஆர்டரை எடுக்கவே முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொல்லாவிட்டால் கரூர்ப் பட்டறைக்குக் கொடுத்துவிடுவேன் என்று டீலர் சொல்லியிருந்தான். அன்று புதன்.

செங்கோடன் முன்னறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இருநூத்தி நாப்பது மூட்டைக்கு எங்கீங்க போறது? இருபது தறியையும் ராப்பகலா ஓட்டுனாலும் நூத்தி முப்பது தாண்டாதே!"

"சாமி, மொதல்ல உக்காரு." கோபமாக வருகிற யாரையும் அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார், அதில் கோபம் இன்னும் ஏறும். "நீ படிச்ச புள்ள. ஆனா யாவாரம் வேற. நீ நாப்பத்தஞ்சு கேட்டீன்னா அவன் பாதியா அறுத்து இருவத்திரண்டு குடுப்பான். தொண்ணூறு கேட்டாத்தான் நாப்பத்தஞ்சு வரும். மூட்டையும் அப்படித்தான். நூத்திருவதுன்னு போட்டா அவன் அறுவதுன்னு படிச்சுக்குவான். நம்ம சந்தையில ஆரு உள்ளதைக் கேட்டிருக்கறா? எங்கப்பன் காலத்துல இருந்து இதுதான் நடைமுறை."

"சரி, ஜனவரிக்கு எதுக்குங்க இருநூத்தி நாப்பது? அதுக்காச்சும் ஒரு நியாயம் வேண்டாமா?"

"எல்லா மாசமும் நெறைஞ்சு நிக்கறப்ப நடுவுல அது ஒண்ணு மட்டும் மூளியா இருந்துது. பாக்கவே நல்லால்லை. நம்ம கையாலயே தை மாசத்தைக் கொறைச்சு எழுதறதா?"

ஜெயப்பிரியா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நல்லவேளை, அந்தச் சுவருக்கு நேற்றுத்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

"நான் இப்பவே மில்லுக்குப் போறேன். நெசக் கணக்கை நேருல காட்டிட்டு வாரேன்."

"நானும் வாரேன்."

"வேண்டாமுங்க மாமா."

"கையெழுத்து என்னுது. நானில்லாம எப்படிப் பேசுவே?" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். பட்டறைக்கு முதலாளி அவர்தான், கையெழுத்து அவருடையதுதான்.

திருச்செங்கோட்டுக்குப் போகிற வழியில் இருந்தது மில். கார் ஓட்டியது அவள். வழி நெடுக அவர் அறிவுரை சொல்லிக்கொண்டே வந்தார். போனதும் ஆமாம் என்று சொல்லிவிடாதே. டீயைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வா. விலையையும் சேர்த்துக் கேள், கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைத்தாலும் லாபம். அவள் ஹாரனை அடித்தாள். முன்னால் வண்டியே இல்லை.

ஜெகதீஸ்வரன் ஆபீஸ் அறையில் பஞ்சு மாதிரிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, குரல் உயராத மனிதர். லெட்டரை மேஜைமேல் எடுத்து வைத்தார்.

"அண்ணா, வாங்க. அம்மிணி, உக்காருங்க. ரெண்டு விஷயம் சொல்லீர்றேன். எங்களது சிறு தொழில்னு பதிவான மில்லு. சட்டப்படி எங்களோட நீங்க எழுத்துல ஒத்துக்கற தவணை நாப்பத்தஞ்சு நாளைத் தாண்டக் கூடாது. தாண்டுனா எழுத்து செல்லாது. வருசக் கடைசியில அந்தத் தொகையை நீங்க செலவுல காட்டவும் முடியாது, அதுக்கும் சேர்த்து வரி கட்டோணும். உங்க ஆடிட்டர் சொல்லலீங்களா?"

சொன்னார். ஜெயப்பிரியாவிடம் சொன்னார். அதனால்தான் அவள் நாற்பத்தைந்து என்று போட்டாள். அவள் மாமனாரைப் பார்த்தாள், அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரெண்டாவது, இந்த மூட்டைக் கணக்கு. எனக்கு இது வெறும் காயிதமில்லீங்கண்ணா. இதை நம்பித்தான் நான் பஞ்சு வாங்கோணும். சீசன் தொடங்கப் போகுது. இருநூத்தி நாப்பது மூட்டைக்குப் பஞ்சைப் புடிச்சு வெச்சு, நீங்க நூறு எடுத்தீங்கன்னா மிச்சத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்? போன வருசம் ஒரு பார்ட்டி இப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க. அந்த நூலு இன்னும் குடோன்ல கெடக்குது, வாங்க காட்டறேன்."

"அதெல்லாம் எடுப்பமுங்க, எடுக்காம என்ன?" என்று ஆரம்பித்தார் செங்கோடன்.

"மாமா!"

ஜெகதீஸ்வரன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "நீங்க இதுவரைக்கும் ஒரு மாசத்துல அதிகமா எடுத்ததே எம்பது மூட்டை. அம்மிணி வந்த பின்னால ஒரு பில்லு கூட நாள் தவறலை, அதை ஒத்துக்கறேன். அதனாலதான் போன் பண்ணுனேன். இல்லீன்னா பதிலே போட்டிருக்க மாட்டேன்."

ஜெயப்பிரியா பைக்குள்ளிருந்து தன் லெட்டரை எடுத்தாள். புறப்படும் முன் புதிதாக ஒரு பிரதி எடுத்திருந்தாள். கூடவே கோயமுத்தூர் டீலரின் ஆர்டர் நகல், தறிவாரியான உற்பத்தி, இரண்டு வருடமாக எந்த மாதம் எவ்வளவு நூல் எடுத்தார்கள் என்ற பட்டியல். எதில் ஆர்டர் உறுதி, எது உள்ளூர் விற்பனையை நம்பிப் போட்டது என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தாள். ஜெகதீஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஜனவரியில் விரல் நின்றது.

"அறுவத்தஞ்சு." முதல் முறையாகச் சிரித்தார். "இப்பத்தான் குமாரபாளையத்துல இருந்து வந்த லெட்டராட்டம் இருக்குது."

அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் ஜெகதீஸ்வரன் இரண்டு லெட்டரையும் பக்கம் பக்கமாக வைத்தார்.

"ஒரே பட்டறை, ஒரே ஸ்டாம்பு, ரெண்டு கணக்கு. நான் எதை ஃபைல்ல போடறது? நாளைக்கு என் பார்ட்னர் கேட்டா என்ன சொல்றது? அண்ணா, கையெழுத்துப் போட்டது நீங்க. தப்பா நெனைக்காதீங்க. இதுக்குக் குறுக்க ஒரு கோடு போட்டு, ரத்துன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. அப்பறம் அம்மிணி கொண்டுவந்ததுல கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே முடிச்சர்லாம்."

செங்கோடனின் முகம் சிவந்தது. "என்னையப் பொய்யன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா?"

"அப்படி ஆரு சொன்னா?"

"பின்ன வேறென்ன? முப்பது வருசமா இந்தச் சந்தையில இருக்கறேன். ஒரு பய எங்கிட்ட போட்ட கையெழுத்தை அடின்னு சொன்னதில்லை!" எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போயே போய்விட்டார்.

ஜெயப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பினாள். எட்டு மாத உழைப்பு. கோயமுத்தூர் பஸ்ஸில் மடியில் துண்டு மூட்டையை வைத்துக்கொண்டு போன நாட்கள். டீலரின் வாட்ச்மேன்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு அலைந்த அலைச்சல். எல்லாம் ஒரு கோட்டில் வந்து நிற்கிறது. அந்தக் கோட்டை அவள் போட முடியாது. போட வேண்டிய மனிதர் மில் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், ஜன்னல் வழியாகத் தெரிகிறது.

"நான் போய்ப் பேசட்டுங்களா?" என்றார் ஜெகதீஸ்வரன்.

"வேண்டாமுங்கண்ணா. நீங்க போனீங்கன்னா காரை எடுக்கச் சொல்லீருவாரு."

அவளே போனாள். கெஞ்ச வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். பக்கத்தில் போனதும் கெஞ்சல் வரவில்லை, உள்ளதுதான் வந்தது.

"மாமா, உங்களைப் பொய்யன்னு ஆரும் சொல்லலை. நாந்தான் கோவத்துல இருக்கறேன், ரொம்பக் கோவத்துல இருக்கறேன். நான் எழுதுனதை எங்கிட்டச் சொல்லாம மாத்துனீங்க. பிடிக்கலீன்னா என் முகத்துக்கு நேரா கிழிச்சுப் போட்டிருக்கலாம். இந்த ஆர்டர் போச்சுன்னா போச்சு, அடுத்த தடவை எவங்கிட்டயும் போய் நிக்க எனக்குத் தெம்பில்லை. அப்பறம் நீங்களே பாத்துக்குங்க. நான் வீட்டுல சமைச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்துக்கறேன்."

செங்கோடன் மரத்தைப் பார்த்தார், மில் கேட்டைப் பார்த்தார், கடைசியில் மருமகளைப் பார்த்தார். அவள் சமையல் அவருக்குத் தெரியும். அவள் ஆபீசில் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

திரும்பி உள்ளே போனார். நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை வாங்கினார். தன் லெட்டரின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து, 'ரத்து' என்று எழுதி, அதற்குக் கீழேயும் வால் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். அவள் விட்ட மூச்சு ஜெகதீஸ்வரனுக்கே கேட்டிருக்கும்.

அவளுடைய லெட்டரை இழுத்தார். பேனா கீழே போகவில்லை. ஜனவரியில் போய் நின்றது.

ஐயோ, மறுபடியுமா!

"இது தப்பு," என்றார் செங்கோடன்.

"மாமா, உங்க காலுல வேணா உழுகறேன். ஏத்தாதீங்க."

"ஏத்தறதுக்கு இல்ல சாமி. அறுவத்தஞ்சு வராது. பொங்கல் லீவு மட்டும் போட்டிருக்கறே. காவடியை எங்க போட்டே? நம்ம ஆளுகள்ல ஏழு பேரு எடப்பாடிப் பக்கம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறவனுக. பொங்கலுக்குப் போனா அவனுக காவடி எறக்கிட்டுத்தான் தறிக்கு வருவானுக. ஜனவரி அம்பத்தஞ்சு. பிப்ரவரியும் நூத்திருவது வராது, நூறுன்னு போடு."

ஜெயப்பிரியா லெட்டரை எட்டிப் பார்த்தாள். அவள் பிறந்த ஊரே எடப்பாடி. அவள் அப்பா வருடாவருடம் காவடி எடுத்தவர். தறிக் கணக்கை எல்லாம் எடுத்தவள் அதை எப்படி விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அந்த வெட்கத்தை முந்திக்கொண்டு வேறொன்று வந்தது.

"இவ்வளவு தெரிஞ்சுமா மாமா இருநூத்தி நாப்பதுன்னு போட்டீங்க?"

"அது அவங்களுக்குப் போட்ட கணக்கு," என்றார் அவர், இதில் என்ன சந்தேகம் என்பது போல. "இது நம்ம கணக்கு."

"நான் உங்ககிட்ட மூணு தடவை கேட்டனே, எந்த மாசம் எப்படி ஓடும்னு!"

"எல்லாம் நல்லாத்தான் ஓடும்னு சொன்னேன். அபசகுனமா வேற என்ன சொல்றது?"

ஜெகதீஸ்வரன் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, திருத்திய இரண்டு எண்களையும் பார்த்துத் தலையாட்டினார். தவணை கேட்க வந்த இடத்தில் தன் கணக்கைத் தானே குறைத்த பார்ட்டியை அவர் பார்த்ததில்லை என்றார். செங்கோடன் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, கடைசியில் முழுக் கையெழுத்துப் போட்டார்.

"சரி. சரக்கு எறங்குன நாள்ல இருந்து நாப்பத்தஞ்சு நாள். மொத்தப் பாக்கிக்கு ஒரு அளவு வெச்சுக்கலாம், அதைத் தாண்டுனா அடுத்த லோடு ஏறாது. மாசம் பொறந்தா அடுத்த மாசங்களுக்கான கணக்கைத் திருத்திப் புதுசா அனுப்போணும். அம்மிணிதான் அனுப்போணும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் அவளை மட்டும் பார்த்தார். "சாயங்காலம் எழுத்துல மெயில் வந்துரும்."

"வெலையில ரெண்டு ரூபா..." என்று தொடங்கினார் செங்கோடன்.

"மாமா, எந்திரிங்க."

வெளியே வந்ததும் காரில் ஏறும் முன்பே கோயமுத்தூருக்குப் போன் போட்டு, ஆர்டரை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னாள். சரி, எழுத்தில் அனுப்புங்கள் என்றான் டீலர். அவ்வளவுதான், எட்டு மாதத்துக்கு அவன் சொன்னது அவ்வளவுதான். அவளுக்கு அதுவே போதும். சாவியை இரண்டு முறை கீழே போட்டாள். சிரிக்கவும் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர்மேல் இருந்த கோபம்கூட, பாதிக்கு மேல், எங்கேயோ போய்விட்டிருந்தது. பாவம், தன் கையெழுத்தைத் தானே அடிப்பது அவருக்குச் சின்ன விஷயமில்லை. வீட்டுக்குப் போனதும் ஒரு நல்ல காபி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளிபாளையம் வரைக்கும் செங்கோடன் எதையோ மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். காவிரிக் காற்று ஜன்னலில் அடித்ததும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா சாமி?" என்றார். "தொண்ணூறு கேட்டோம். கரெக்டா நாப்பத்தஞ்சு குடுத்தான்."

ஜெயப்பிரியா காரை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்டே?"

"ஒண்ணுமில்லீங்க மாமா," என்றாள், ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு. "ரெண்டு நிமிசம். மூச்சு விட்டுக்கறேன்."